அப்பாவின் ஜிமெயில் யார் யார் கையில் இருந்தது?

ஆரம்பித்தது ஸ்டோரேஜ் பிரச்சினையில்தான். அப்பாவுக்கு வர வேண்டிய மெயில்கள் நின்றுவிட்டன. அனுப்பியவர்கள் "உங்க மெயில் திரும்பி வருது சார்" என்று போன் செய்து சொன்னார்கள். பெரம்பூர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனபோது பார்த்தேன். கூகுள் இலவசமாகக் கொடுக்கும் 15 ஜிபியும் நிரம்பியிருந்தது. அப்பா மாதத்துக்குப் பத்துப் போட்டோ எடுத்தாலே அதிகம், எப்படி நிரம்பும் என்று கூகுள் போட்டோஸைத் திறந்தால், கரும்பலகைப் படங்கள். கணக்குப் பாடம், வேதியியல் சமன்பாடு, மருதாணி வைத்த கை, ஆடி மாதக் கூழ் ஊற்றும் அண்டா, யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக். ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒன்றும் எங்கள் வீட்டுப் படம் இல்லை.

"இதெல்லாம் யாருப்பா?"

"தெரியலையேம்மா. ஏதோ விளம்பரம்னு நெனச்சேன்."

வேறு ஏதோ ஒரு போன் அப்பாவின் கணக்கில் உட்கார்ந்துகொண்டு படங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதே புரிந்துவிட்டது. எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. பிரவுசரில் `myaccount.google.com/device-activity` என்று அடித்தால் நேராகப் போய்விடும். போனில் என்றால் செட்டிங்ஸில் Google, அதற்குள் கணக்கை நிர்வகிக்கும் பகுதி, அங்கே Security, கீழே இறங்கினால் Your devices. என் லேப்டாப்பில் அப்பாவின் மெயில் ஏற்கெனவே திறந்திருந்ததால் அதிலேயே பார்த்தேன்.

நான்கு தலைப்புகள் இருந்தன. ஒரு சாம்சங் போன், ஒரு ரெட்மி நோட் 5, ஒரு டிவி, அப்புறம் Windows. Windows என்பதற்குப் பக்கத்தில் மூன்று செஷன்கள், அதாவது மூன்று தனித்தனி நுழைவுகள், என்று போட்டிருந்தது. விண்டோஸ் என் லேப்டாப், டிவி தம்பி வீட்டில் இருப்பது, அப்பா யூடியூபில் கச்சேரி கேட்பதற்காக நாங்களே போட்டுக் கொடுத்தது. சரி, அவை இரண்டும் தெரிந்தவை என்று தள்ளிவிட்டேன். அந்த அவசரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சாம்சங்குக்குக் கீழே ஊர் பெங்களூரு என்று இருந்தது. அப்பாவிடம் இருப்பதும் சாம்சங்தான், ஆனால் அவர் பெரம்பூரைத் தாண்டிப் பல மாதமாகிறது. பெங்களூரு என்று பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, யோசிக்காமல் Sign out அழுத்தினேன். அடுத்த நிமிடம் ஹாலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"ஏம்மா, என் போன்ல ஏதோ பாஸ்வேர்ட் கேக்குதே!"

நான் வெளியேற்றியது அப்பாவின் சொந்த போனை.

அந்தப் பட்டியலில் காட்டும் ஊர் ஜிபிஎஸ் வைத்துச் சொல்வது இல்லை. இணைய இணைப்பின் ஐபி முகவரியை வைத்துப் போடுகிற தோராயக் கணக்கு. வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் சென்னை என்று வரும். மொபைல் டேட்டாவில் இருந்தால் அந்தக் கம்பெனியின் இணைப்பு எந்த ஊர் வழியாக வெளியே போகிறதோ அந்த ஊர் வரும். சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெங்களூரோ மும்பையோ காட்டுவது சாதாரணம். அதனால் ஊரை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அதைவிட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. கையில் இருக்கும் கருவியில் அதே பக்கத்தைத் திறந்தால், அந்தக் கருவிக்கு நேராக Your current session என்று எழுதியிருக்கும். அப்பாவின் போனை வாங்கி அதில் ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு போனிலும் கம்ப்யூட்டரிலும் இப்படித் திறந்து, நம்முடையதையெல்லாம் ஒரு தாளில் டிக் அடித்த பிறகு மிச்சம் இருப்பதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சரி, பாஸ்வேர்டைப் போட்டுத் திரும்ப நுழைந்தால் போயிற்று என்று நினைத்தேன். அப்பாவுக்குப் பாஸ்வேர்டு நினைவில்லை. டைரியில் எழுதி வைத்திருந்தது பழையது. மறந்துவிட்டேன் என்று அழுத்தினால் குறுஞ்செய்தி அனுப்புகிறேன் என்றது. கடைசி இரண்டு எண்களைப் பார்த்தால், அப்பா நாலு வருடத்துக்கு முன்பு விட்டுவிட்ட பழைய சிம். அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ! வேறு வழி கேட்டேன். அப்போது திரையில் வந்ததைப் பார்த்துத்தான் நிஜமாகவே திகைத்துப்போனேன். உங்கள் ரெட்மி நோட் 5 போனுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறோம், அதில் இந்த எண்ணைத் தொடுங்கள் என்றது.

ரெட்மி என்றதும் அப்பாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. 2021இல், பள்ளிக்கூடம் எல்லாம் ஆன்லைனில் நடந்த சமயம், எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனின் மகளுக்கு வகுப்பு கேட்க போன் இல்லை என்று அப்பா தன் பழைய போனைக் கொடுத்திருந்தார். அப்போது அவள் எட்டாவது. இப்போது ப்ளஸ் டூ. கொடுக்கும்போது சிம்மை மட்டும் கழற்றிக்கொண்டார். கணக்கு அப்படியே இருந்தது. "யூடியூப் வேணுமேன்னு விட்டுட்டேன்" என்றார்.

இறங்கி ஓடினேன். நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை என்பதால் அந்தப் பெண் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். போனைக் கேட்டு வாங்கினேன். ஓரத்தில் கீறல் விழுந்த திரையில் மூன்று எண்கள் வரிசையாக நின்றன. மாடியிலிருந்து அப்பா சத்தமாக எண்ணைச் சொல்ல, தொட்டேன். மேலே போய் அப்பாவின் கணக்குக்குப் புதுப் பாஸ்வேர்டு போட்டோம்.

அந்த நிமிடத்தில் எங்களுக்கு அது உதவிதான். ஆனால் இதையே திருப்பி யோசித்துப் பாருங்கள். அந்தப் போன் வேறு யார் கையிலாவது போயிருந்தால்? விற்றிருந்தால், தொலைந்திருந்தால்? பட்டியலில் சும்மா கிடக்கிற பழைய போன் அப்பாவின் மெயிலைப் படிக்க மட்டும் பயன்படாது. அந்தக் கணக்குக்குள் புதிதாக நுழைய வரும் ஆளை "ஆமாம், நான்தான்" என்று சொல்லி உள்ளே விடவும் அதனால் முடியும். அதாவது அப்பா வீட்டுச் சாவி நாலு வருடமாகத் தெருமுனையில் இருந்திருக்கிறது. அந்தக் குடும்பம் நல்ல மனிதர்கள், அவர்களுக்கு இது தெரியவே தெரியாது. வைத்திருந்தவர்கள் நல்லவர்களாக இருந்ததால்தான் ஒன்றும் நடக்கவில்லை.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டோமே, ரெட்மி தானாக வெளியேறிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். பட்டியலைத் திறந்தால் அது இன்னும் உள்ளேயே இருந்தது. பாஸ்வேர்டு மாற்றினால் மற்ற இடங்களிலிருந்து கணக்கு வெளியேறும், ஆனால் நாம்தான் என்று உறுதி செய்யப் பயன்படுத்துகிற கருவிகளுக்கு விலக்கு உண்டு. நாங்கள் உறுதி செய்ததே ரெட்மியை வைத்துத்தானே! அதனால் பாஸ்வேர்டை மாற்றியதோடு நிறுத்திவிடாமல் திரும்பப் போய்ப் பட்டியலைப் பார்ப்பது கட்டாயம்.

அடுத்து முதல் வேலையாக ரெக்கவரி எண்ணை இப்போதைய சிம்முக்கு மாற்றினேன், ரெக்கவரி மெயிலாக என்னுடையதைப் போட்டேன். இது எல்லாவற்றுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டியது. பட்டியலில் எதையும் தொடுவதற்கு முன்பே இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் என்னைப் போல உள்ளே போக வழியில்லாமல் நிற்க வேண்டியிருக்கும்.

இப்போது ரெட்மியைப் பட்டியலிலிருந்து Sign out செய்தால் வேலை முடிந்தது போலத்தான் தெரியும். அப்பாவும் "எடுத்துடும்மா" என்றார். நான் எடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் நாலு வருடப் படங்கள் எல்லாம் அப்பாவின் கணக்கில் இருக்கின்றன. அவளிடம் கேட்டபோது, போனில் இடம் இல்லை என்று வரும்போதெல்லாம் போட்டோஸ் ஆப் காட்டும் இடத்தைக் காலிசெய்யும் பட்டனை அழுத்தியதாகச் சொன்னாள். அந்தப் பட்டன் ஏற்கெனவே பேக்கப் ஆன படங்களைப் போனிலிருந்து அழித்துவிடும். அப்படியென்றால் அவளுடைய பழைய படங்களுக்கு இருக்கும் ஒரே பிரதி அப்பாவின் கணக்கில்தான். நான் வெளியேற்றினால் அவள் திறந்து பார்க்க முடியாது, ஸ்டோரேஜ் வேண்டும் என்று அழித்தால் மொத்தமாகவே போய்விடும். பாடக் குறிப்புகள் வேறு அதில்தான்.

அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அந்தப் போனில் பேக்கப்பை முதலில் நிறுத்தினோம். அவளுக்கென்று ஒரு புதுக் கணக்கு தொடங்கினோம். அப்பாவின் கணக்கிலிருந்து அவளுடைய படங்களை ஆல்பமாக்கி அவளுக்குப் பகிர்ந்து, அவள் கணக்கில் சேமிக்கச் செய்தோம். சும்மா பகிர்ந்தால் போதாது, அவள் பக்கத்தில் சேமித்தால்தான் அது அவளுடைய பிரதி. எட்டாவது படித்த காலத்துப் படம் ஒன்று, நடுவில் ஒன்று, போன வாரம் எடுத்தது ஒன்று என்று அவள் கணக்கிலேயே திறந்து பார்த்து, எல்லாம் வந்திருக்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் அடுத்ததுக்குப் போனோம். இதற்கே இரண்டு மாலை ஆனது.

கணக்கைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை, அந்தப் போனிலேயே செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய் Remove account கொடுத்தோம். போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் இதுதான் சரியான வழி. தூரத்திலிருந்து வெளியேற்றினால் கணக்குக்குள் போக முடியாதே தவிர, கணக்கின் பெயர் அந்தப் போனில் ஒட்டிக்கொண்டே இருக்கும், பாஸ்வேர்டு கேட்டு அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். என்றாவது போன் ஹேங் ஆகி, பட்டன்களை அமுக்கி மொத்தமாக ரீசெட் செய்தால், பழைய உரிமையாளரின் கணக்கைப் போடு என்று பூட்டிக்கொள்ளும். அந்தப் பெண் அப்பாவைத் தேடி வர வேண்டியிருக்கும். கணக்கைப் போனிலிருந்தே நீக்கினால் அந்தத் தொல்லை இல்லை, அப்பாவின் மெயிலும் தொடர்பு எண்களும் அதோடு போய்விடும். படங்களை அப்பாவின் பக்கத்தில் அழித்தது அதற்கும் பிறகுதான். அவை குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும் என்பதால், ஏதாவது விட்டுப்போயிருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் இருந்தது.

இனி நான் தள்ளிவிட்ட விண்டோஸ் விஷயம். மூன்று செஷன்கள் என்று இருந்ததே, என்னிடம் ஒரே ஒரு லேப்டாப்தான் இருக்கிறது. அன்று அதை நான் யோசிக்கவே இல்லை. ஒரே கருவிக்குப் பல செஷன் வருவது இயல்புதான், வேறு பிரவுசரில் நுழைந்தால் ஒன்று, இன்காக்னிட்டோ என்கிற மறைவுச் சாளரத்தில் நுழைந்தால் இன்னொன்று. ஆனால் கூகுள் ஒரே வகைக் கம்ப்யூட்டர்களை ஒரு தலைப்புக்குள் சேர்த்துக் காட்டுகிறது. நம் விண்டோஸும் வேறொருவர் விண்டோஸும் ஒரே வரியில் அடங்கிவிடும். அந்தத் தலைப்பைத் தொட்டு உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் பார்த்தால்தான் தெரியும்.

உள்ளே இரண்டு என்னுடையவை, ஒன்று க்ரோம், ஒன்று எட்ஜ். மூன்றாவதும் க்ரோம், ஊர் சென்னை. பாஸ்வேர்டு மாற்றியதில் அது வெளியேறிவிட்டது, ஆனால் வெளியேறியவையும் 28 நாள் வரை பட்டியலில் தெரியும், அதனால் பார்க்க முடிந்தது. கடைசியாக இயங்கியது நாங்கள் பாஸ்வேர்டு மாற்றியதற்கு முந்தைய நாள் மாலை. இந்த நேரத்தையும் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து மெயில் படித்தார் என்று அதற்கு அர்த்தமில்லை. பிரவுசர் திறந்திருந்து பின்னணியில் கூகுளோடு பேசியிருந்தாலே நேரம் மாறும். எனக்கு உதவியது இன்னொரு தேதி, முதன்முதலில் நுழைந்த நாள். பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மதியத்துக்குக் கொஞ்சம் முன்.

"அப்பா, அன்னைக்கு எங்க போனீங்க?"

அவர் பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திர ஃபைலை எடுத்தார். அதில் வில்லங்கச் சான்று இருந்தது, அதே தேதியில் எடுத்தது. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்திருக்கிறார். சான்று மெயிலில் இருந்ததால், கடைப் பையன் "சார், ஜிமெயில் போடுங்க" என்று கீபோர்டை நகர்த்தியிருக்கிறான், அப்பா தட்டியிருக்கிறார். பிரிண்ட் வந்ததும் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பல மாதமாக அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் அப்பாவின் மெயில் திறந்தே இருந்திருக்கிறது. பென்ஷன் விவரம், ஆதார், பான், பத்திர ஸ்கேன் எல்லாமே மெயிலில்தான்.

தேதி பொருந்தியதால் அது எந்த இடம் என்று தெரிந்தது. பொருந்தாமல் இருந்திருந்தால் நான் அதை அந்நிய ஆள் என்றே எடுத்துக்கொண்டிருப்பேன். செஷனை மூடுவதோடு எல்லாம் தீராது என்பதால் மறுநாள் அந்தக் கடைக்கே போனோம். க்ரோமில் அப்பாவின் பழைய பாஸ்வேர்டு சேமிக்கப்பட்டிருந்தது, யாரோ கேள்வி வந்தபோது சரி என்று அழுத்தியிருக்கிறார்கள். பாஸ்வேர்டு மாறிவிட்டதால் அதனால் இனிப் பயனில்லை, ஆனால் மாற்றாமல் வெறுமனே Sign out மட்டும் செய்திருந்தால் அடுத்த நிமிடமே திரும்ப நுழைய முடிந்திருக்கும். அப்பா வேறு எங்கெல்லாம் அதே பாஸ்வேர்டைப் போட்டிருந்தாரோ அங்கேயும் மாற்றினோம். அப்புறம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன். வில்லங்கச் சான்று அங்கேயே கிடந்தது. அதற்கு மேலும் கீழும் முன்பின் தெரியாதவர்களின் ஆதார், ரேஷன் கார்டு, மார்க் ஷீட். அப்பாவுடையதை அழித்து, குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்கிவிட்டு வந்தோம். கடைக்காரர் கோபப்படவில்லை, "யாரும் இப்படி வந்து கேட்டதில்லைங்க" என்றார். இப்போது அப்பா பிரிண்ட் எடுக்க வேண்டுமென்றால் எனக்கு அனுப்பச் சொல்கிறார், நான் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கிறேன். வேறு வழியில்லாமல் கடையில் நுழைய நேர்ந்தால் மறைவுச் சாளரத்தில் திறந்து, முடிந்ததும் அதை மூடிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும்.

பல மாதம் திறந்து கிடந்த கணக்கு என்பதால் இன்னும் மூன்று இடங்களைப் பார்த்தேன். இவை கருவிப் பட்டியலில் வராது. ஜிமெயில் செட்டிங்ஸில் மெயிலை வேறு முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறதா என்று ஒன்று. அது இருந்தால் எல்லாக் கருவியையும் வெளியேற்றினாலும் மெயில் போய்க்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட மெயில்களைத் தானாக அழிக்கவோ ஒதுக்கவோ ஃபில்டர் போட்டிருக்கிறார்களா என்று இன்னொன்று. இரண்டும் சுத்தமாக இருந்தன. மூன்றாவது `myaccount.google.com/connections`, கணக்கோடு இணைத்த வெளி ஆப்கள். அப்பாவுடையதில் ஒரு ஜாதக ஆப்பும், ஒரு பிடிஎஃப் ஆப்பும் இருந்தன. பிடிஎஃப் ஆப்புக்கு டிரைவில் இருப்பதைப் பார்க்க அனுமதி கொடுத்திருந்தார். ஆப்பைப் போனிலிருந்து அழித்தாலும் இந்த அனுமதி தானாகப் போகாது, இங்கே வந்துதான் நீக்க வேண்டும். இரண்டையும் நீக்கினேன். தம்பி வீட்டு டிவியில் அப்பாவின் கணக்கை எடுத்துவிட்டுத் தம்பியின் கணக்கையே போட்டாயிற்று, கச்சேரி அதிலும் வரும்.

அப்பா இப்போது மாதாமாதம் முதல் தேதி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். அதில் அவர் கையெழுத்தில் "சாம்சங் - நான். விண்டோஸ் குரோம், எட்ஜ் - பெரியவள்" என்று இருக்கிறது. முதல் தடவை பார்த்த அன்றே போன் செய்தார்.

"ஏம்மா, அந்த ரெட்மி இன்னும் லிஸ்ட்ல இருக்கே?"

"அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு, படிங்கப்பா."

எழுத்துக் கூட்டிப் படித்தார். Signed out. அடுத்த மாதம் முதல் தேதி மறுபடி போன் வந்தது, இப்போது அது இல்லை என்று.